விதை பாக்கெட்டைப் போட்டோவிலேயே படிப்பது எப்படி?

மாடித்தோட்டத்துக்கு வாங்கிய விதையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதை இப்போது விதைக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வெண்டை பாக்கெட்டை வைத்தே பார்ப்போம்.

1. முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். ஒரே வெண்டைக்காய்ப் படத்தைப் பல ரகங்களுக்கும் அச்சிடுவார்கள். பின்பக்க லேபிளையும், தேதி குத்தியிருக்கும் ஓரத்தையும் தனித்தனியாகப் படமெடுக்கச் சொல்லுங்கள். பளபளப்பான உறையில் ஃபிளாஷ் போட்டால் எழுத்து வெளுத்துவிடும். பகல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்து எடுத்தால் தெளிவாக விழும்.

2. முதலில் ரகப் பெயரைத் தேடுங்கள். நம் பாக்கெட்டில் 'அர்கா அனாமிகா' என்றிருக்கிறது. இது பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். நன்கு முற்றிய காயிலிருந்து விதை எடுத்து அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம். 'எஃப் 1' என்று இருந்தால் அது வீரிய ஒட்டு விதை. அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போலவே வராது. வெறும் 'வெண்டை' என்று மட்டும் இருந்தால் ரகத்தை யாராலும் சொல்ல முடியாது.

3. பொதி செய்த நாளை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய விதையையும் புதிதாகப் பொதியலாம். காலாவதியைக் கணக்கிடுவது சோதனை நாளிலிருந்துதான். நம் பாக்கெட்டில் சோதனை நாள் 10-02-2025, பொதி செய்த நாள் 20-06-2025, காலாவதி 09-11-2025. சோதனை நாளிலிருந்து 9 மாதக் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் படம் வந்ததோ 2026 ஜனவரி தொடக்கத்தில். கெடு தாண்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது.

4. அடுத்து பட்டத்தைப் பாருங்கள். வெண்டைக்கு மண்ணில் சூடு வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே போனால் முளைப்பது கெடும். அதனால் மார்கழிக் குளிரில் ஊன்ற வேண்டாம். பிப்ரவரியில் ஊன்றலாம், இல்லையென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான பட்டத்துக்கு வைத்திருக்கலாம்.

5. கெடு தாண்டியதாலேயே தூக்கி எறிய வேண்டாம். 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் ஒரு வாரம் வையுங்கள். வெண்டைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம். அதாவது 20-க்கு 13 முளைக்க வேண்டும். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் வழக்கம்போல் விதைக்கலாம். 8 முதல் 12 வரை வந்தால் குழிக்கு மூன்று விதை போடுங்கள். அதற்கும் கீழே என்றால் புதிய பாக்கெட் வாங்குவதே நல்லது.

6. விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயமேறித் தெரிந்தால், பூஞ்சாண மருந்து பூசியிருக்கலாம். லேபிளில் நச்சு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். மிச்ச விதையைச் சமையலறையில் வைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

7. தேதி அழிந்திருந்தால் குவியல் எண் தெரிகிறதா என்று பாருங்கள். அதைச் சொல்லி விற்ற கடையிலேயே சோதனை நாளைக் கேட்கலாம். அங்கேயும் பதில் கிடைக்காவிட்டால், குறிப்பு 5-ல் சொன்ன ஈரத்துணிச் சோதனையைச் செய்து பார்த்த பிறகே விதையுங்கள்.