முதலெழுத்துக் கணக்கு

பெயர்ப் பதிவேடு ஒன்றை அகர வரிசையில் அமைக்க விரும்புவோர், எந்த எழுத்திற்கு எத்தனை பக்கம் ஒதுக்குவது என்பதை முன்னரே அறிதல் வேண்டும். எல்லா எழுத்திற்கும் ஒரே அளவாக இடம் விட்டால், சில பக்கங்கள் விரைவில் நிரம்பிவிடும். சில வெறுமையாகவே கிடக்கும். ஆதலின், எவ்வெழுத்தில் எத்தனை பெயர்கள் தொடங்குகின்றன என்று முதற்கண் எண்ணுதல் வேண்டும். அம்முறையைப் புதுக்கோட்டை மாவட்டத்து வட்டங்களின் பெயர்களைக் கொண்டு காண்போம்.

1974ஆம் ஆண்டில் தோன்றிய இம்மாவட்டத்தில் இன்று 12 வட்டங்கள் உள்ளன. அவை, புதுக்கோட்டை, ஆலங்குடி, திருமயம், குளத்தூர், இலுப்பூர், கந்தர்வகோட்டை, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, கறம்பக்குடி, பொன்னமராவதி, விராலிமலை என்பன.

தாளின் இடப்புறத்தில் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்க. பின்பு பட்டியலை ஒருமுறை மட்டும் படித்துச் சென்று, ஒவ்வொரு பெயருக்கும் அதன் முதலெழுத்திற்கு நேரே ஒரு கோடு இடுக. ஒவ்வோர் எழுத்திற்கும் பட்டியல் முழுவதையும் மீண்டும் மீண்டும் தேடுவோர், சில பெயர்களை விட்டுவிடுதல் இயல்பு.

இங்கே ஓர் ஐயம் எழும். குளத்தூரின் முதலெழுத்துக் 'கு'வா, ககரமா? உயிர்மெய்யைத் தனித்தனியே கொண்டால், ஆ 2, க 2, அ, இ, கு, தி, பு, பொ, ம, வி ஆகிய எட்டும் ஒவ்வொன்று, ஆகப் 12. வருக்கமாகக் கொண்டால், ககர வருக்கம் 3, ஆகாரம் 2, பகர வருக்கம் 2, அகரம், இகரம், தகரம், மகரம், வகரம் ஒவ்வொன்று, ஆகப் 12. இரண்டும் முறையே. பதிவேட்டிற்குப் பின்னதே ஏற்றது. கணிப்பொறியும் 'கு' என்பதைக் ககரமாகவும் உகரக் குறியாகவும் பிரித்தே பதிவதால், முதற்குறியை மட்டும் எண்ணச் சொன்னால் வருக்கக் கணக்கையே தரும்.

கூட்டுத்தொகை பெயர்களின் தொகையோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், ஒரு பெயர் விடுபட்டது அல்லது இருமுறை எண்ணப்பட்டது என்று உணரலாம். ஆயினும் இச்சோதனை எல்லாப் பிழையையும் காட்டாது. குளத்தூரைக் ககர வருக்கத்திலும், புதுக்கோட்டையைப் 'பு'விலும் ஒருவன் சேர்த்தால், தொகை 12 ஆகவே நிற்கும், கணக்கோ பிழைபட்டுவிடும். எனவே, முதற்கோடு இடுமுன்னரே முறையை உறுதிசெய்தல் வேண்டும்.

மக்கட்பெயர்களில் இவ்வுறுதி இன்னும் தேவை. ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. ஆதலின் இராமன் என எழுதுவது மரபு. அம்மரபின்றி ராமன் என எழுதுவாரும் உளர். இருவகையும் கலந்த பட்டியலில் ஒரே பெயர் இரண்டு எழுத்துகளின்கீழ்ப் பிரிந்துவிடும். 'மு. கண்ணன்' என்பதில் முன்னெழுத்தை நீக்கிக் ககரத்தில் சேர்த்தலே தக்கது.

பயிற்சி: உங்கள் வகுப்பு மாணவர் பெயர்களை இருமுறையாலும் எண்ணி, இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துள்ளனவா எனக் காண்க.