புது நாற்காலி பயமுறுத்துகிறதா?

பதவி உயர்வு கிடைத்த மூன்றாம் மாதம், தீராத வயிற்றெரிச்சலோடு என்னிடம் வந்தார் ஒரு வங்கிப் பெண்மணி. பதினெட்டு வருடம் கிளார்க். இப்போது கடன் பிரிவு அதிகாரி. "ராத்திரி தூங்குறீங்களா?" என்றேன்.

"எங்கே டாக்டர்? ஒவ்வொரு ஃபைலையும் நாலு தடவை பார்க்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என்னைக்காவது கண்டுபிடிச்சிடுவாங்க!"

சீரகத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். ஆனால் எரிச்சலின் வேர் வயிற்றில் இல்லையே! 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் விவரித்த மனநிலை இது. நோயல்ல. வேலை சரியாக முடிந்தாலும், 'நாலு தடவை பார்த்ததால் தப்பித்தேன்' என்றே மனசு கணக்கெழுதும். தைரியம் எப்படி வரும்?

ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். இடப்பக்கம், நிஜமாகவே தெரியாதவை மட்டும். பயந்த அளவுக்கு இல்லை; இரண்டே தேறின: வில்லங்கச் சான்று படிப்பது, கம்பெனி பேலன்ஸ் ஷீட். பழைய அதிகாரி ஒருவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். வலப்பக்கம், இரண்டே முறை பார்த்து அனுப்பிய ஃபைல்கள், அவற்றின் முடிவு. ஒரு மாதத்தில் திரும்பி வந்தது ஒன்று, கையெழுத்து விட்டுப்போனதால். "நாலு தடவை பார்த்தப்பவும் இப்படி வந்திருக்கு டாக்டர்" என்று அவரே சிரித்தார். எரிச்சலும் குறைந்திருந்தது.

நீங்களும் எழுதிப் பாருங்கள். ஆனால் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், நோட்டோடும் கஷாயத்தோடும் நிற்காமல் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.