மார்ச் மாத நினைவும் பன்னிரண்டு மாத வேலையும்
அப்ரைசல் குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஏப்ரல் முதல் மார்ச் வரை ஆண்டுக் கணக்கு வைக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மார்ச் கடைசி வாரம். எட்டுப் பேர் கொண்ட டீமின் மேலாளர் அப்ரைசல் படிவத்தைத் திறக்கிறார். ஒன்று முதல் ஐந்து வரை ரேட்டிங் போட வேண்டும். பிப்ரவரியில் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு ரிலீஸை முடித்துக் கொடுத்த இளைஞருக்கு 5 போடுகிறார். மே முதல் ஆகஸ்ட் வரை பழைய டேட்டாபேஸைப் புதிய சர்வருக்கு மாற்றி, வாடிக்கையாளருக்கு ஒரு நாள்கூடச் சேவை நிற்காமல் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு 3. யாருக்கும் அநியாயம் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனாலும் அநியாயம் நடந்துவிட்டது. எப்படி என்பதை இதே டீமை வைத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நேர்மையான மேலாளர் ஆண்டு முழுவதையும் மனதில் வைத்தே மதிப்பிடுவார்.

உண்மை: நேர்மை வேறு, நினைவு வேறு. அண்மையில் நடந்தது சுலபமாக நினைவுக்கு வரும். சுலபமாக நினைவுக்கு வருவது பெரிதாகவும் தெரியும். இதுதான் அண்மைச் சார்பு. டேட்டாபேஸ் மாற்றத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளமே எதுவும் நடக்காததுதான். சர்வர் விழவில்லை, போன் அடிக்கவில்லை, யாரும் பதறவில்லை. நினைவில் ஒட்டிக்கொள்ள அதில் ஒரு சம்பவம்கூட இல்லை.

இந்தச் சார்பைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ரேட்டிங்குக்குக் காரணமாக மேலாளர் எழுதிய ஒவ்வொரு சம்பவத்துக்கும் பக்கத்தில் அது நடந்த மாதத்தை எழுதச் சொல்லுங்கள். எல்லாம் ஜனவரியிலோ அதற்குப் பிறகோ நடந்ததாக வந்தால், அவர் மதிப்பிட்டது மூன்று மாதங்களைத்தான்.

நம்பிக்கை 2: ஒரு வேலையில் கெட்டிக்காரர் மற்றவற்றிலும் கெட்டிக்காரராகத்தான் இருப்பார்.

உண்மை: சிலர் இருக்கலாம். ஆனால் நம் கண் எல்லோரையும் அப்படியே பார்க்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் இதை ஒரு கட்டுரையில் எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்கு உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஒன்றுக்கொன்று பெரிய சம்பந்தமில்லாத இந்தப் பண்புகளின் மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவுக்குச் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ஆளைப் பற்றிய மொத்த அபிப்பிராயம் ஒவ்வொரு கட்டத்திலும் நிழலாடியிருந்தது. அதைத்தான் ஒளிவட்ட விளைவு என்கிறோம்.

நம் இளைஞரின் படிவத்திலும் அதுவே நடந்தது. வேலைத்தரம் 5, குழுவோடு ஒத்துழைப்பு 5, ஆவணம் எழுதுதல் 5. ஒரே நெடுக்கில் ஒரே எண். அவர் எழுதிய ஆவணம் எதையும் மேலாளர் அந்த ஆண்டு திறந்துகூடப் பார்க்கவில்லை. இதற்கு மாற்று, ஒருவரின் படிவத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போகாமல், ஒரு பண்பை எடுத்து எட்டுப் பேருக்கும் போட்டுவிட்டு அடுத்த பண்புக்குப் போவது. ஆவணம் எழுதுவதில் எட்டுப் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதையும் படிக்காமல் 5 போட்டது அவருக்கே தெரிந்துவிடும்.

நம்பிக்கை 3: இந்தச் சார்புகளைப் பற்றி மேலாளர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தால் போதும்.

உண்மை: 1980இல் பெர்னார்டின், பென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மதிப்பீட்டில் வரும் பிழைகளைச் சொல்லிக் கொடுத்ததும், ஒரே மாதிரி மதிப்பெண் போடும் பழக்கம் குறைந்தது. ஆனால் மதிப்பீட்டின் துல்லியமும் சேர்ந்தே குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. எல்லாக் கட்டத்திலும் 5 போடக் கூடாது என்று கேட்டவர், உண்மையிலேயே எல்லாவற்றிலும் சிறந்தவருக்கும் எங்காவது ஒரு 3 போட்டுவிடுகிறார். பழைய பழக்கம் போய்ப் புதுப் பழக்கம் வந்ததே தவிர, பார்வை தெளியவில்லை.

பார்வை தெளிய வேண்டுமானால் அளவுகோல் ஒன்றாக வேண்டும். ‘இந்தப் பதவியில் 3 என்றால் இப்படிப்பட்ட வேலை, 4 என்றால் இப்படிப்பட்டது’ என்று நிஜமான உதாரணங்களை வைத்து மேலாளர்கள் கூடிப் பேசிப் பழக வேண்டும். கேலிப்ரேஷன் கூட்டத்தின் வேர் இதுதான்.

நம்பிக்கை 4: கேலிப்ரேஷன் என்றால் எல்லோரையும் பெல் கர்வுக்குள் திணிப்பது.

உண்மை: பல நிறுவனங்கள் அப்படி நடத்தியதால் வந்த கெட்ட பெயர் இது. இத்தனை சதவீதம் பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே எண்ணிக்கையை முடிவு செய்வது கட்டாயத் தரவரிசை. மைக்ரோசாஃப்ட் அதை 2013இல் கைவிட்டது. கேலிப்ரேஷனில் எண்ணிக்கை முன்பே முடிவாவதில்லை. ஒரே மாதிரி வேலைக்கு ஒரே மாதிரி ரேட்டிங் கிடைத்திருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

நம் உதாரணத்தில் மூன்று மேலாளர்கள் உட்காருகிறார்கள். ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கும் முன்பே, ரேட்டிங்கையும் முதல் ஆறு மாதம், அடுத்த ஆறு மாதம் என்று பிரித்த சான்றுகளையும் அவரவர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தை நடத்தும் ஹெச்.ஆர். அதிகாரி கேட்கிறார்: “இவருக்கு 5 போட்டிருக்கிறீர்கள். ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை என்ன செய்தார்?” மேலாளரிடம் பதில் இல்லை. தேடிப் பார்க்கும்போது, அந்த ராத்திரி வேலைக்கே காரணம் டெஸ்டிங்கை இளைஞர் தள்ளிப்போட்டதுதான் என்பது தெரிகிறது. கெடுவுக்குள் முடித்தது நிஜமான சாதனைதான். ஆனால் அது 5 அல்ல.

அந்தப் பெண்ணின் பெயர் வருகிறது. இரண்டாவது மேலாளர் சொல்கிறார்: “எங்கள் டீம் டேட்டாபேஸை மாற்றியபோது அவர் எழுதி வைத்த குறிப்பைத்தான் வரிக்கு வரி பின்பற்றினோம். எங்களிடம் இதே வேலையைச் செய்தவருக்கு நான் 4 போட்டிருக்கிறேன்.” ஒரே வேலைக்கு இரண்டு எண். இளைஞரின் 5 நான்காகிறது. பெண்ணின் 3 நான்காகிறது. மாற்றமும் அதற்கான காரணமும் ஒரு வரியில் பதிவாகின்றன.

நம்பிக்கை 5: நாலு பேர் கூடி முடிவெடுத்தால் சார்பு தானே கழிந்துவிடும்.

உண்மை: கூட்டத்துக்கும் தனிச் சார்புகள் உண்டு. மூத்த அதிகாரி முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அவர் பக்கம் சாய்வார்கள். பேச்சுத் திறமையுள்ள மேலாளரின் ஆட்கள் மேலே போவார்கள். சொல்லத் தெரியாத மேலாளரின் ஆட்கள் கீழே வருவார்கள். அதனால்தான் எண்களை முன்கூட்டியே எழுதி வாங்குவதும், மூத்தவரைக் கடைசியில் பேசச் சொல்வதும். ‘நல்ல பையன்’, ‘ஆர்வம் போதாது’ என்ற வகைப் பேச்சு எழுந்தால், கூட்டத்தை நடத்துபவர் அங்கேயே நிறுத்தி, “எந்த வேலையில் பார்த்தீர்கள்?” என்று கேட்க வேண்டும்.

கூட்டத்தால் செய்ய முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. யாரும் குறித்து வைக்காததை அது மீட்டுத் தராது. அந்தப் பெண்ணின் மே மாத வேலை வெளிச்சத்துக்கு வந்தது, இன்னொரு டீமுக்கு அவருடைய குறிப்பு தேவைப்பட்டதால்தான். அப்படித் தேவைப்படாமல் போயிருந்தால் மூன்று மேலாளர்களும் மூன்று மார்ச் மாத நினைவுகளைத்தான் ஒப்பிட்டிருப்பார்கள். அதனால் மேலாளர் ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பக்கம், பதினைந்து நாளுக்கு இரண்டு வரி, தேதியோடு. அந்த நோட்டில் முதல் வரி விழ வேண்டியது ஏப்ரலில்.