எடுப்பும் இருவகை அவையினரும்

தருமபுரி மாவட்டத்தில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வழங்குகின்றன. அங்கொரு கூட்டத்தில் கன்னடம் மட்டும் அறிந்தோரும் செவித்திறன் குறைந்தோரும் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். பேச்சாளர், “நெல்லிக்கனி ஈந்த மண்ணே, வணக்கம்!” என்று தம் உரையை எடுக்கிறார். அதியமான் கதையை அறியாதவருக்கு மொழிபெயர்ப்பில் ஒரு கனியின் பெயரே எஞ்சும்.

அதனையே இவ்வாறு கூறலாம்: “இவ்வூரின் பழைய பெயர் தகடூர். இதனை அதியமான் ஆண்டான். வாழ்நாளை நீட்டிக்கும் நெல்லிக்கனி அவனுக்குக் கிடைத்தது. அதனை அவன் ஔவையாருக்குக் கொடுத்தான்.” ஒவ்வொரு தொடரும் ஒரு செய்தியைச் சொல்லி முடிகிறது. அங்கே பேச்சாளர் நிறுத்தினால், மொழிபெயர்ப்பாளர் எதையும் விடாமல் சொல்ல முடியும்.

இதழசைவைக் கொண்டு பேச்சறிவோருக்கு வேறோர் இடர்ப்பாடு உண்டு. ‘பணம்’, ‘மணம்’ ஆகிய இரண்டும் இதழ்களில் ஒன்றுபோலவே தோன்றும். பொருட்சூழலே அவற்றை வேறுபடுத்தும். ஆகவே, உரையின் தலைப்பையும் சிறப்புப் பெயர்களையும் முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். அவர்கள் அதனைப் படித்து முடிக்கும்வரை பேசலாகாது. கண் ஒரே நேரத்தில் எழுத்தையும் இதழையும் பார்க்க இயலாது. பேசும்போது முகத்தில் ஒளி விழுமாறு அவையை நோக்கி நிற்க வேண்டும்.

“புரிந்ததா?” என வினவினால் பலரும் தலையசைப்பர். “கனியைப் பெற்றவர் யார்?” என வினவினால் உண்மை விளங்கும்.