மணிக்கு எந்த நாள்?

கேள்வி: எங்கள் பூனை மணிக்கு 15 வயது. இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. கிரியேட்டினின் 8.2. மூன்று வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் சலைன் ஏற்றுகிறோம். நாலரைக் கிலோ இருந்தவன் இப்போது 2.6 கிலோ. வாயெல்லாம் புண். மீனை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஊசி போட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். பூனையைக் கொன்ற பாவம் சும்மா விடாது என்கிறார் மாமியார். ஏழு வயது மகளுக்கு எப்படிச் சொல்வது? மணியை ஒட்டியே கிடக்கும் இன்னொரு பூனை கருப்பி என்ன ஆவாள்?
– வாசகி, மதுரை

பதில்: சலைன் ஏற்றிய பிறகும் கிரியேட்டினின் 5-க்கு மேல் நின்றால் அது சிறுநீரக நோயின் கடைசிக் கட்டம். இனி மணி பிழைக்க வழியில்லை. உங்கள் கையில் இருப்பது அவன் எப்படிப் போகிறான் என்பது மட்டும்தான். 'தானாகப் போகட்டும்' என்று விட்டால் தூக்கத்திலேயே போய்விடுவான் என்று பலர் நம்புகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்த பூனை அப்படிப் போவது அபூர்வம். நாள்கணக்கில் குமட்டலும் வாந்தியும் இருக்கும்; கடைசியில் வலிப்பும் வரலாம். மாமியாரிடம் பாவ புண்ணியம் பேசி வாதாட வேண்டாம். இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

பூனை வலியை மறைக்கும். வலியிலும் குறுகுறுவென்று சத்தம் எழுப்பும் என்பதால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. வலியின்மை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் வந்தால் தொடர்ந்து பார்க்கலாம். நீங்கள் எழுதியதை வைத்து நான் போட்டுப் பார்த்தேன்: வலியின்மை 4, பசி 1, சலைன் தயவில் நீர்ச்சத்து 5, மற்ற நான்கும் தாராளமாகவே தலா 3. மொத்தம் 22. நீங்களும் நான்கைந்து நாள் ஒரு நோட்டில் போட்டு வாருங்கள். 'அவசரப்பட்டுவிட்டோமோ' என்று பிறகு மனம் அரிக்கும்போது அந்த நோட்டு கைகொடுக்கும். என் கருத்தைக் கேட்டால், இந்த வாரமே நாள் குறித்துவிடுங்கள். வலிப்பு வந்து நள்ளிரவில் ஆட்டோ தேடும் நிலை வரக் கூடாது.

டாக்டரிடம் ஒன்றை முன்கூட்டியே கேளுங்கள்: முதலில் மயக்க ஊசி போடுவீர்களா? நன்றாக மயங்கிய பிறகுதான் நரம்பு வழியாக பார்பிட்யூரேட் மருந்தை அதிக அளவில் செலுத்த வேண்டும். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். நினைவோடு இருக்கும் பூனைக்கு மெக்னீசியம் சல்பேட் போடுவது கொடுமை, அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கண் மூடாது, சிறுநீர் போகலாம், உயிர் போன பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவனுக்கு எதுவும் தெரியாது.

மகளிடம் முந்தின நாளே சொல்லுங்கள். 'தூங்க வைக்கப் போகிறோம்' என்று சொன்னால் அன்றிரவு அவள் தூங்கப் பயப்படுவாள். 'ஓடிப்போய்விட்டான்' என்றால் தெருத்தெருவாகத் தேடுவாள். 'மணியின் உடம்பு இனி சரியாகாது. வலிக்காமல் சாக டாக்டர் மருந்து கொடுப்பார். செத்த பிறகு திரும்பி வரமாட்டான்' என்று நேராகவே சொல்லலாம். அடுத்து அவள் மனதில் ஓடும் கேள்வி, 'நான் வாலை இழுத்ததாலா?' என்பதாக இருக்கும். கேட்காவிட்டாலும் 'யாராலும் வந்த நோய் இல்லை' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கூட இருக்கிறேன் என்றால் இருக்கட்டும். நடுவில் வெளியே கூட்டிப்போக அவளுக்கென்று ஒரு பெரியவர் வேண்டும். அழுத கையோடு விளையாடப் போய்விட்டால் பாசமில்லை என்று நினைக்காதீர்கள். குழந்தைகள் துக்கத்தைத் தவணையில்தான் பட்டுத் தீர்ப்பார்கள்.

மணியின் நோய் ஒட்டாது. அதனால் கருப்பி உடலை மோந்து பார்க்க விடலாம். அதனால் தேடல் குறையும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, கெடுதலும் இல்லை. சில வாரம் அவள் மூலை மூலையாகத் தேடலாம், கத்தலாம். மணியின் துணியை உடனே துவைக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தையும் மாற்றாதீர்கள். அவள் இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். துணைக்கென்று உடனே குட்டி வாங்கி வராதீர்கள். புதுக்குட்டியோடு மல்லுக்கட்டும் தெம்பு இப்போது அவளுக்கு இல்லை.

புதைப்பதானால் மூன்று, நான்கு அடி ஆழம் வேண்டும், மேலே கல்லும் வையுங்கள். அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். தெருநாய் தோண்டித் தின்றால் அதன் உயிருக்கும் ஆபத்து.