மூன்று வருடம் கழித்து விற்கும் சரக்கு: கல்லூரி நிர்வாக வகுப்புக்கு ஓர் ஆசிரியர் குறிப்பு

திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990-ல் தோன்றியது. அச்சங்கம் நிஃப்ட் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1997-ல் பின்னலாடைக் கல்விக்கென ஒரு நிலையம் தொடங்கியது. அதுவே இன்றைய நிஃப்ட்-டீ கல்லூரி. வியாபாரிகள் நடத்தும் கல்லூரி என்பதால் கல்வி நிர்வாகப் பாடத்துக்கு நல்ல உதாரணம்.

பட்டப்படிப்பு மூன்று வருடம். நாம் தீபாவளிச் சரக்கை ஒன்றிரண்டு மாதம் முன்பு பிடிப்போம். கல்லூரியோ மூன்று தீபாவளிக்கு முன்பே கணக்குப் போட வேண்டும்.

ஆசிரியர் முதலில் 2008 ஜூன் நிலவரத்தை மட்டும் சொல்லி, எத்தனை இடம் வைக்கலாம் என்று மாணவரை எழுதச் சொல்லட்டும். பிறகே மற்றதைச் சொல்ல வேண்டும். சில மாதத்தில் அமெரிக்க நெருக்கடி. 2011 ஜனவரியில், நொய்யலில் கழிவுநீர் கலந்ததற்காகச் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்ற உத்தரவு. 2008-ல் சேர்ந்தவர் அடுத்த சில மாதங்களில் படிப்பு முடித்து வேலை தேடினார்.

"இடத்தைக் குறைத்திருக்கலாம்" என்று வகுப்பு சொன்னால் பாடம் பிடிபடவில்லை என்று பொருள். 2011-ல் குறைத்தால் அதன் பலன் 2014-ல் அல்லவா தெரியும்!

விவாதக் கேள்விகள்:

1. தையல், செக்கிங் போன்ற சில மாதப் பயிற்சியை ஆர்டருக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம். பட்டப்படிப்பில் அப்படி எதை மாற்ற முடியும்?

2. துணி எடை, சேதாரம், அடக்கவிலை போடத் தெரிந்தவருக்கு பனியன் தவிர வேறு எங்கே வேலை கிடைக்கும்?

3. ஆர்டர் இல்லாத வருடத்தில் ஆசிரியர் சம்பளத்தைச் சங்கம் ஏற்குமா, கட்டணம் ஏறுமா?