வயலில் பற்றரி வேகமாக இறங்குவது ஏன்?

கேள்வி: கிளிநொச்சி ரவுணில் இருந்தால் என் போனின் சார்ஜ் இரவுவரை நிற்கிறது. ஒட்டுசுட்டான் பக்கம் வயலுக்குப் போனால் மத்தியானத்திலேயே முடிந்துவிடுகிறது. போன் பழுதா?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: போனில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. ரவர் தூரமானால், அதற்குக் கேட்கும்படி போன் தன் அலையின் வலுவைக் கூட்டுகிறது. 4ஜி விட்டுவிட்டு வரும் இடத்தில் அதைத் தேடுவதும், 2ஜிக்கு இறங்குவதும், மறுபடி ஏறுவதுமாக நாள் முழுக்க அலைகிறது. சட்டைப்பையில் சும்மா கிடந்தாலும் பற்றரி கரைவது இதனால்தான்.

வயலில் நிற்கும்போது Settings > Connections > Mobile networks > Network mode சென்று `2G only` என்று மாற்றுங்கள். (இது சாம்சுங் போனில் உள்ள வழி; மற்றவற்றில் பெயர் சற்று மாறும்.) 2ஜி பெரும்பாலும் 900 மெகாஹேர்ட்ஸில் ஓடுவதால் மரங்களைத் தாண்டித் தூரம் எட்டும். அழைப்பும் குறுஞ்செய்தியும் வரும். வாட்ஸப் அழைப்பு சரிவர ஓடாது, படம் இறங்க நெடுநேரம் எடுக்கும்.

ஒருநாள் 4ஜியிலும் மறுநாள் 2ஜியிலும் அதே வயலில், அதே நேரத்துக்கு விட்டு, சார்ஜ் எத்தனை வீதம் இறங்கியது என்று குறித்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அங்கே 2ஜியும் பலவீனமாக இருக்கலாம். அப்போது `Airplane mode` போட்டுவிட்டு, மணிக்கொருமுறை திறந்து பார்ப்பதே மிச்சம். ஆனால் வீட்டில் நோயாளி இருந்தால் அதைச் செய்யவேண்டாம்.

ரவுணுக்குத் திரும்பியதும் பழைய நிலைக்கு மாற்ற மறவாதீர்கள். நல்ல 4ஜி உள்ள இடத்தில் 2ஜியில் விட்டால், சிறு கோப்பு இறங்கவே நெடுநேரம் பிடித்து, மிச்சம் பிடித்த சார்ஜ் அதிலேயே போய்விடும்.